முதல் அத்தியாயத்துக்கு முன்னால் இருக்கும் பக்கங்கள்

*"டீச்சர், எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வாசிப்புக் குழுவில் அடுத்த மாதம் பிரீத்தா சமரசனின் 'ஈவினிங் இஸ் த ஹோல் டே' நாவலை எடுத்திருக்கிறோம். முதல் அத்தியாயத்துக்கு முன்னால் இருக்கிற பக்கங்களை நான் எப்போதும் தள்ளிவிட்டுத்தான் போவேன். தலைப்பு, மேற்கோள், சமர்ப்பணம் இவற்றை வைத்தே ஒரு நாவல் எதைப் பற்றியது என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள். நிஜமாகவே முடியுமா, இல்லை, வாத்தியார்கள் கிளப்பிவிட்ட கதையா?"*

வாத்தியார்கள் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கியதும் உண்டு தம்பி, ஒப்புக்கொள்கிறேன். நானும் இருபது வருஷம் வகுப்பில் அதைச் செய்தவள்தான். கதையில் என்ன நடக்கும் என்பதை அந்தப் பக்கங்கள் சொல்லாது. நடப்பதில் எதைக் கவனித்துக்கொண்டே போக வேண்டும் என்பதைச் சொல்லும். அதுவும் எல்லா நாவலிலும் இல்லை. ஆனால் நீங்கள் எடுத்திருக்கிற நாவலில் சொல்கிறது. தமிழ் தெரிந்தவருக்கு, தெரியாதவரைவிடக் கூடுதலாகவே சொல்கிறது. அதனால் அதையே வைத்துப் பேசுவோம்.

முதலில் உங்கள் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் தள்ளிவிட்டுப் போவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நம் ஊரில் வெளியாகிற தமிழ்ப் புத்தகங்களைத் திறந்தால் பிரமுகரின் வாழ்த்துரை, தலைவரின் வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை, நன்றியுரை என்று புகைப்படத்தோடு பத்துப் பக்கம் ஓடும். அதையெல்லாம் படித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை, அதில் படம் வந்தவர்களைத் தவிர. இப்படிப் பழகிய விரல், சமர்ப்பணத்தையும் மேற்கோளையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது.

ஆனால் நூலின் முன்பக்கத்துக்கு இலக்கணமே எழுதி வைத்தவர்கள் நாம். 'ஆயிரம் முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே' என்கிறது நன்னூல். எவ்வளவு பெரிய நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே இல்லையாம். அந்தப் பாயிரத்தில் வர வேண்டியவை என்று அது எட்டு விஷயங்களைச் சொல்கிறது. அதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நூற்பெயர், வழி, கேட்போர். நூலின் பெயர் என்ன, எந்த முன்னோர் நூலின் வழியில் வருகிறது, யார் கேட்பதற்காகச் செய்யப்பட்டது. இன்றைய நாவலில் தலைப்பும் மேற்கோளும் சமர்ப்பணமும் கிட்டத்தட்ட அந்த மூன்று இடங்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பவணந்தியார் நாவலை நினைத்து எழுதவில்லைதான். ஆனாலும் 'வழி' என்ற அந்தச் சொல் எனக்கு ரொம்ப உதவியிருக்கிறது. ஒரு மேற்கோளைப் பார்த்தால், இதில் என்ன தத்துவம் இருக்கிறது என்று நான் யோசிப்பதில்லை. இந்த நாவல் எந்த வழியில் வந்தேன் என்று சொல்கிறது, அந்த வழியில் போய்ப் பார்ப்போமே என்றுதான் யோசிப்பேன்.

சரி, நாவலைத் திறப்போம். 2008-இல் வந்தது. ஈப்போவில் கிங்ஃபிஷர் லேன் என்ற தெருவில் 'பெரிய வீட்டில்' வாழும் ஒரு வசதியான தமிழ்க் குடும்பத்தின் கதை. அட்டைக்குப் பின்னால் இருக்கிற கதைச் சுருக்கமும் இதைத்தான் சொல்லும் என்பதால் நான் எதையும் உடைத்துவிடவில்லை.

தலைப்பை மட்டும் முதலில் பாருங்கள். மாலை என்பதே முழுப் பகலும். ஆங்கிலத்திலும் அது விசித்திரமான வாக்கியம்தான். மாலை ஒரு நாளின் ஒரு துண்டு, அது எப்படி முழு நாளாக ஆகும்? தலைப்பு இப்படி முரணாக இருந்தால், பென்சிலை எடுத்து, இதற்கு என்ன பொருள் இருக்கலாம் என்று ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள். தப்பாக இருந்தால் பரவாயில்லை. என் வகுப்பில் பிள்ளைகள் இதற்கு 'வயதானவர்களைப் பற்றிய கதை' என்று எழுதினார்கள். ஒருத்தி 'இருட்டாத ஊர்' என்று எழுதினாள், ஏதோ பேய்க்கதை என்று நினைத்து. (பேயும் வருகிறது, அது வேறு விஷயம்.) தலைப்பிலிருந்து கிடைப்பது இவ்வளவுதான்: பொழுது இந்த நாவலில் சரியாக ஓடப் போவதில்லை என்கிற ஒரு சந்தேகம்.

தலைப்புகள் எல்லாமே இப்படிப் புதிராக இருக்க வேண்டும் என்றில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நம் பினாங்கும் வருகிற நாவல். அதன் தலைப்பு ஒரு படத்தையே நேராகக் காட்டிவிடுகிறது. கடல் புயலில் தொங்கான் தத்தளிக்கிற பகுதி உள்ளே நிஜமாகவே இருக்கிறது. ஆனால் போர்க்காலம், பாண்டியன் என்கிற தனி மனிதன் என்று படித்துக்கொண்டே போனால், தோணி வெறும் தோணி இல்லை என்பது தானாகவே தெரிந்துவிடும். அந்த மாதிரித் தலைப்புக்கு ஆராய்ச்சி வேண்டாம். சமரசனின் தலைப்புக்கு வேண்டும். ஏனென்றால் அது இன்னொரு இடத்திலிருந்து எடுத்த வரி.

எங்கிருந்து என்பதை மேற்கோள் பக்கம் சொல்லிவிடுகிறது. ஆங்கிலக் கவிதை வரிகளுக்குக் கீழே 'குறுந்தொகை 234' என்று இருக்கும், மொழிபெயர்த்தவர் ஜார்ஜ் ஹார்ட் என்றும் இருக்கும். ஆங்கில வாசகர் பெரும்பாலும் அந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுவார். நாம் போகக் கூடாது. அலமாரியில் குறுந்தொகை இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் எந்த நூலகத்திலும் கிடைக்கும். பாடலை மிளைப்பெருங்கந்தனார் பாடியிருக்கிறார். ஆறே அடி:

சுடர்செல் வானம் சேப்பப் படர்கூர்ந்து
எல்லறு பொழுதின் முல்லை மலரும்
மாலை என்மனார் மயங்கி யோரே;
குடுமிக் கோழி நெடுநகர் இயம்பும்
பெரும்புலர் விடியலும் மாலை;
பகலும் மாலை துணையி லோர்க்கே.

சூரியன் இறங்கி வானம் சிவந்து, துன்பம் மிகுந்து, வெளிச்சம் வற்றி முல்லை பூக்கும் நேரத்தைத்தான் மாலை என்று சொல்கிறார்கள், அறிவு மயங்கியவர்கள். கொண்டைக் கோழி கூவுகிற விடியலும் மாலைதான். பகலும் மாலைதான், துணை இல்லாதவர்களுக்கு. இவ்வளவுதான் பாட்டு.

மூலத்துக்குப் போனதும் முதலில் கேட்க வேண்டியது, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதை. மேற்கோளில் தனியாக நிற்கும் வரி, மூலத்தில் ஒருவர் வாயிலிருந்து வந்த பேச்சு. இங்கே பேசுகிறவள் தலைவி. தலைவன் பிரிந்து போயிருக்கிறான், அவள் வீட்டில் இருக்கிறாள். திணை முல்லை. பள்ளியில் மனப்பாடம் செய்தது நினைவிருக்கும்: முல்லைக்குச் சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். இருத்தல் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. வருவான் என்று நம்பிக் காத்திருப்பது. முல்லைத் திணைக்கு உள்ளேயே ஒரு வாக்குறுதி இருக்கிறது: போனவர் திரும்பி வருவார்.

இப்போது நாவலுக்குத் திரும்புங்கள். முதல் அத்தியாயம் எதில் தொடங்குகிறது? 1980 செப்டம்பரில் செல்லம் என்கிற வேலைக்காரப் பெண்ணை வீட்டை விட்டு அனுப்புவதில். அதற்குச் சில நாள் முன்னால்தான் மூத்த மகள் உமா அமெரிக்காவுக்குப் படிக்கப் போயிருக்கிறாள். பாட்டி இறந்துவிட்டாள். அப்பா வீட்டில் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது அதிகம். ஆறு வயது ஆஷா எல்லாரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஆக, முல்லைப் பாட்டை வாசலில் மாட்டி வைத்துவிட்டு, உள்ளே ஒவ்வொருவராக வெளியே போகிற வீட்டைக் காட்டுகிறார் ஆசிரியர். திணை தெரிந்த வாசகருக்கு உடனே ஒரு கேள்வி எழ வேண்டும்: இந்தக் கதையில் யாராவது திரும்பி வருவார்களா? இருத்தல் இருக்கிறது, ஆனால் அதற்குப் பலன் இருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறவரும் இல்லாமல் படிக்கிறவரும் வேறு வேறு நாவலைப் படிப்பார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

அடுத்து, 'மயங்கியோர்' என்ற சொல். மாலைக்கு ஒரு குறிப்பிட்ட நேரம் இருக்கிறது, அது ஆறு மணிக்கு வந்து ஏழு மணிக்குப் போய்விடும் என்று நினைப்பவர்களைத்தான் தலைவி மயங்கியவர்கள் என்கிறாள். சமரசனின் நாவல் காலத்தில் பின்னோக்கிப் போகிறது. முடிவைச் சொல்லிவிட்டு, அதற்கு முந்தின மாதம், அதற்கும் முந்தி என்று போகிறது. படிக்கிறவர் மனசில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும்: இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் இந்தக் குடும்பம் நன்றாக இருந்த ஒரு காலை வந்துவிடும், எந்த நாளில் கெட்டது ஆரம்பித்தது என்று தெரிந்துவிடும். ஆனால் பின்னால் போகப் போக ஒவ்வொரு காலையிலும் ஏற்கெனவே இருட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் குடும்பத்துக்கு மட்டுமில்லை, நாட்டுக்கும் அப்படி. 1969 மே 13 இனக் கலவரமும் அந்தப் பின்பயணத்தில் வருகிறது. 'பெரும்புலர் விடியலும் மாலை' என்று பாட்டு சொன்னது நாவலின் அமைப்பாகவே ஆகிவிட்டது. எனக்கு இந்த மேற்கோளில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அது கருப்பொருளைச் சொல்வதோடு நிற்காமல், நாவல் ஏன் தலைகீழாக நடக்கிறது என்பதற்கும் காரணம் வைத்திருக்கிறது. நம் குழுக்களில் எப்போதும் யாராவது ஒருவர் 'ஏன் இப்படிக் குழப்பி எழுதியிருக்கிறார், நேராகச் சொல்லக் கூடாதா?' என்று கேட்பார். பதில் முதல் அத்தியாயத்துக்கு முன்பே இருக்கிறது.

மூன்றாவது, மொழிபெயர்ப்பையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. இதைத் தமிழ் தெரிந்தவர்தான் செய்ய முடியும். ஹார்ட்டின் கடைசி வரி, 'தங்கள் காதலர் இல்லாதவர்களுக்கு' என்ற பொருளில் முடிகிறது. அகப்பாட்டு என்பதால் அது தப்பே இல்லை. ஆனால் தமிழில் இருக்கிற சொல் 'துணை'. துணை காதலனாக இருக்கலாம், கூட நடக்கிற ஆளாக இருக்கலாம், ஆபத்தில் கை கொடுக்கிறவராக இருக்கலாம். 'துணைக்கு வா' என்று நாம் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக்கூடக் கூப்பிடுகிறோம். ஆங்கில மேற்கோளை மட்டும் படித்தவர் இது காதல் தோல்விக் கதை, கணவனின் அன்பு கிடைக்காத மனைவியின் கதை என்று எதிர்பார்ப்பார். அம்மாவைப் பொறுத்தவரை அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஆஷாவுக்கு வேண்டியது காதலன் இல்லை, முகம் திருப்பிக்கொண்ட அக்கா. செல்லத்துக்கு வேண்டியது தன் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேச ஓர் ஆள். அவள் சம்பளத்தை அவளுடைய அப்பாவே வந்து வாங்கிக்கொண்டு குடித்துத் தீர்க்கிறார். அந்த வீட்டில் துணை இல்லாதவர் பட்டியலில் முதலில் வர வேண்டியது அவள்தான். மொழிபெயர்ப்பில் கொஞ்சம் சுருங்கிய சொல்லை, நாவல் தன் பாத்திரங்களால் மறுபடி விரித்துவிடுகிறது. இதை உங்கள் குழுவில் சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரப் பேச்சு கிடைக்கும்.

இங்கே நான் வழுக்கி விழுந்த கதையையும் சொல்ல வேண்டும். பாட்டில் 'நெடுநகர்' என்று வருகிறதே, அதை ஹார்ட் உயரமான நகரம் என்ற பொருளில் மொழிபெயர்த்திருக்கிறார். ஆனால் சங்கத் தமிழில் நகர் என்ற சொல்லுக்கு மாளிகை, பெரிய வீடு என்றும் பொருள் உண்டு. நெடுநகர் என்றால் பெரிய வீடு! நாவலில் வருவதும் பெரிய வீடு! இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தே தாரேக் ஆறிப்போகிற அளவுக்குத் தோழி ஒருத்தியிடம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'நாவலில் அச்சாகியிருக்கிற மேற்கோளில் வீடு என்ற சொல் இருக்கிறதா?' என்றாள். இல்லை. நகரம்தான் இருக்கிறது. ஆசிரியர் வாசகர் முன்னால் வைத்தது ஆங்கிலப் பாட்டு. நான் எடுத்து வந்தது தமிழ்ப் பாட்டு. 'துணை' விஷயத்தில் நாவல் முழுக்க அதற்குச் சாட்சி இருக்கிறது. 'நெடுநகர்' விஷயத்தில் ஒரு பொருத்தம் இருக்கிறது, அவ்வளவுதான். அழகான பொருத்தம், ஆனால் அதை ஆசிரியரின் திட்டம் என்று நான் சொல்ல முடியாது. மேற்கோளிலிருந்து நீங்கள் எடுத்த பொருளுக்கு நாவலின் உள்ளே குறைந்தது இரண்டு மூன்று இடமாவது பிடிமானம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஓர் இடம்தான் என்றால் அது உங்கள் கண்டுபிடிப்பு, நாவலுடையது இல்லை. சந்தோஷமாக வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாக வைக்க முடியாது.

மேற்கோள் வெறும் அலங்காரமாக இருப்பதும் உண்டு. பாதி நாவல்களில் அப்படித்தான். எல்லாருக்கும் தெரிந்த பிரபலமான வரி, வாழ்க்கை, காலம், நினைவு என்று எந்தப் புத்தகத்தின் முன்னாலும் ஒட்டலாம். அதை எடுத்துவிட்டாலும் நாவலுக்கு ஒன்றும் ஆகாது. சமரசனின் நாவலில் தலைப்பே மேற்கோளிலிருந்து வருவதால் எடுக்கவே முடியாது. ஆசிரியர் அதன் மேல் பாரத்தை ஏற்றியிருக்கிறார் என்பதற்கு அதுவே நல்ல அடையாளம்.

இன்னொரு வகையும் இருக்கிறது, மேற்கோளே பொய்யாக இருப்பது. ஃபிட்ஸ்ஜெரால்டின் 'த கிரேட் கேட்ஸ்பி' (1925) முன்னால் நான்கு வரிக் கவிதை இருக்கும். அவள் மனம் இளகும் என்றால் தங்கத் தொப்பி அணிந்துகொள், அவளுக்காகத் துள்ளிக் குதி என்கிற மாதிரி. எழுதியவர் தாமஸ் பார்க் டின்வில்லியர்ஸ் என்று பெயர் போட்டிருக்கும். அப்படி ஒரு கவிஞரே இல்லை. அது ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் நாவலில் வரும் ஒரு பாத்திரம். அந்தக் கவிதையும் அவரே எழுதியதுதான். தானே பெயர் வைத்துக்கொண்டு, தானே பணக்கார வேஷம் கட்டிக்கொண்டு ஒரு பெண்ணுக்காகத் துள்ளுகிறவனின் கதைக்கு, இல்லாத கவிஞரின் கவிதையைவிடப் பொருத்தமான முகப்பு வேறு என்ன? மூலத்தைத் தேடிப் போகாதவருக்கு இது தெரியவே தெரியாது.

அப்புறம் சமர்ப்பணம். இதில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 'என் பெற்றோருக்கு', 'மனைவிக்கு' என்று இருந்தால் அது அவர்கள் குடும்ப விஷயம், அதிலிருந்து கருப்பொருளைப் பிழிய வேண்டாம். பெரும்பாலான சமர்ப்பணங்கள் இப்படித்தான். நான் நிற்பது, சமர்ப்பணத்தில் பெயருக்குப் பதிலாக வேறு ஏதாவது இருக்கும்போதுதான்.

டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) இதற்கு நான் கண்ட மிக வலுவான உதாரணம். அதில் மூன்று பக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. சமர்ப்பணத்தில் ஒரு ஆள் பெயர்கூட இல்லை. 'ஆறு கோடிப் பேரும், அதற்கு மேலும்' என்று மட்டும் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடிக்கப்பட்டு மாண்டவர்கள். அந்த எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: வரலாற்றாசிரியர்கள் தனக்குச் சொன்னதில் ஆகக் குறைந்த எண் அதுதான் என்று மாரிசன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். கப்பல் பதிவுகளை வைத்து ஆய்வாளர்கள் தரும் கணக்கு வேறு. அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களே சுமார் 1.25 கோடி என்கிறது அது. பிடிக்கும்போதும், கரைக்கு நடத்தி வரும்போதும் செத்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே சமர்ப்பணத்தைப் புள்ளிவிவரமாகப் படிக்காதீர்கள். 'அதற்கு மேலும்' என்ற சொல்தான் அங்கே முக்கியம். எண்ண முடியாமல் போனவர்கள், பெயர் எழுதப்படாதவர்கள்.

பக்கத்தைத் திருப்பினால் மேற்கோள், ரோமர் 9:25. நம் தமிழ் வேதாகமத்தில் அந்த வசனம், 'எனக்கு ஜனங்களல்லாதவர்களை என்னுடைய ஜனங்கள் என்றும், சிநேகிக்கப்படாதிருந்தவளைச் சிநேகிக்கப்பட்டவள் என்றும் சொல்லி அழைப்பேன்' என்று வரும். இங்கேயும் மூலத்துக்குப் போங்கள். அந்த வசனத்தின் தொடக்கத்தில், ஓசியாவின் புத்தகத்தில் சொல்லியிருக்கிறபடி என்று பவுல் குறிப்பிடுகிறார். மாரிசன் அந்தத் துண்டை வெட்டிவிட்டார். ஓசியாவுக்குப் போனால், அந்தத் தீர்க்கதரிசி தன் குழந்தைகளுக்கு லோருகாமா, லோகம்மீ என்று பெயர் வைக்கும்படி சொல்லப்படுகிறார். இரக்கம் பெறாதவள், என் ஜனமல்ல என்று பொருள். குழந்தைக்கு வைக்கிற பெயரே தண்டனையாக இருக்கிறது, பிறகு அந்தப் பெயர் மாற்றப்படும் என்கிற வாக்கு வருகிறது. மாரிசன் அந்தத் துண்டை வெட்டியதில் இன்னொன்றும் நடக்கிறது. 'அழைப்பேன்' என்று சொல்கிறவர் யார் என்பது கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. வேதத்தில் அது கடவுள். இங்கே, ஆறு கோடிப் பேருக்குச் சமர்ப்பணம் செய்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், அது எழுதுகிறவரின் குரலாகவும் கேட்கிறது. மேற்கோளைப் பார்க்கும்போது, என்ன இருக்கிறது என்பதோடு என்ன வெட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிறகு தலைப்பு. 'பிலவ்ட்', பிரியமானவள். நாவலின் முதல் அத்தியாயத்திலேயே அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். சேத்தே என்கிற தாய், இறந்த குழந்தையின் கல்லறையில் ஏழு எழுத்து வெட்டுவதற்குக் கல் செதுக்குகிறவனுக்குத் தன் உடம்பையே கூலியாகக் கொடுக்கிறாள், பத்து நிமிஷம். அடக்கத்தின்போது போதகர் சொன்ன இரண்டு சொற்களில் ஒன்றைத்தான் அவளால் வாங்க முடிந்தது. இன்னும் பத்து நிமிஷம் கொடுத்திருந்தால் இன்னொரு சொல்லும் கிடைத்திருக்குமோ என்று நினைத்துக்கொள்கிறாள். போதகர் சொன்னது என்ன? தேவாலயத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு உடனே தெரியும். 'பிரியமானவர்களே' என்று பாஸ்டர் தொடங்குவாரே, அது. அது பெட்டிக்குள் இருப்பவரைப் பார்த்துச் சொல்வதில்லை, எதிரே கூடியிருப்பவர்களைப் பார்த்துச் சொல்வது. உயிரோடு இருப்பவர்களை அழைத்த சொல்லை எடுத்து, பெயர் வைக்கப்படாமல் செத்த குழந்தைக்குப் பெயராக்கிவிட்டாள் அவள். சமர்ப்பணம் பெயரில்லாதவர்களைச் சுட்டுகிறது, மேற்கோள் பெயர் வைப்பேன் என்கிறது, தலைப்பு அந்தப் பெயராக நிற்கிறது. மூன்று பக்கம், முப்பது சொல்கூட இருக்காது.

இதை நான் முதல் முறை படித்தபோது சமர்ப்பணத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு தாய்க்கும் ஒரு குழந்தைக்கும் நடந்த கொடுமை என்று மட்டும் படித்து முடித்தேன். இரண்டாம் முறைதான், அந்த வீட்டில் வருகிற குழந்தையின் குரலுக்குப் பின்னால் கப்பலின் அடித்தளம் ஏன் கேட்கிறது என்று புரிந்தது.

உங்கள் நாவலை மின்னூலாகப் படிப்பதானால் ஒரு விஷயம். பல கருவிகளில் புத்தகத்தைத் திறந்தவுடன் நேராக முதல் அத்தியாயத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். நீங்கள் தள்ளாவிட்டாலும் அது தள்ளிவிடும். பின்னோக்கித் தள்ளி அட்டை வரைக்கும் போய்விட்டு, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

குழு கூடுகிற அன்றைக்கு குறுந்தொகைப் பாட்டை எழுதிக் கொண்டுபோங்கள். ஆனால் பேச்சை அதில் தொடங்க வேண்டாம். பாதிப் பேர் நாவலை முடித்திருக்க மாட்டார்கள், இலக்கண வகுப்பு என்று நினைத்து மிரண்டுவிடுவார்கள். முதலில் எல்லாரும் செல்லத்தைப் பற்றிப் பேசட்டும், அப்பாவைத் திட்டட்டும், ஆஷாவுக்காக வருத்தப்படட்டும். எப்படியும் யாராவது ஒருவர் 'இந்த வீட்டில் இவர்கள் எப்போதாவது சந்தோஷமாக இருந்தார்களா?' என்று கேட்பார். அப்போது பையிலிருந்து தாளை எடுத்து, ஐந்தாவது அடியிலிருந்து சத்தமாகப் படியுங்கள்.